எதிர்முனையில் யார் என்று முதலில் பாருங்கள்

"அண்ணா, அடுத்த மாதம் டோக்கியோவில் வேலையில் சேர்கிறேன். ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 முடித்துவிட்டேன். கெய்கோ புத்தகத்தில் உள்ள அலுவலக உரையாடல்களை அப்படியே மனப்பாடம் செய்தால் சமாளிக்க முடியுமா? வீடு நிஷிகசாய் பக்கம் பார்க்கலாமா? குளிர் எப்படி இருக்கும்?"

தம்பி, வீடும் குளிரும் வந்து இறங்கினால் தானாகத் தெரிந்துவிடும். ஜப்பானிய மரியாதைப் பேச்சான கெய்கோ பற்றி மட்டும் சொல்கிறேன். என்னை அடித்துப் போட்டது அதுதான்.

நானும் உங்களைப் போல மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்தேன். சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து ஃபோன். எங்கள் புச்சோ, அதாவது துறைத் தலைவர், இருக்கிறாரா என்று கேட்டார்கள். புத்தகங்களில் வரும் தனாகா என்ற பெயரையே வைத்துக்கொள்வோம். "தனாகா புச்சோ வா இராஷ்ஷைமாசென்" என்றேன். தலைவர் இல்லை என்பதை அவரை உயர்த்திச் சொல்லும் வடிவம் அது. இலக்கணப்படி குறையே இல்லாத வாக்கியம். எதிர்முனையில் ஒரு சின்ன மௌனம், அப்புறம் "சோ தெசு கா", அதாவது அப்படியா, என்று சொல்லி வைத்துவிட்டார். மாலையில் பக்கத்து மேசை மூத்த அம்மா சொன்ன பிறகுதான் தவறே புரிந்தது. இங்கே யாரும் அந்த இடத்திலேயே திருத்த மாட்டார்கள். அந்த மௌனம்தான் அடையாளம்.

நம் ஊரில் யார் கேட்டாலும் "சார் வெளியே போயிருக்கார்" என்போம். மரியாதை அந்த ஆளோடு ஒட்டிக்கொண்டே போகும். ஜப்பானியத்தில் அது கேட்பவரைப் பொறுத்து மாறும். வெளியாளிடம் பேசும்போது உங்கள் தலைவரும் உங்கள் பக்கத்து ஆள்தான், அவரையும் உங்களோடு சேர்த்துத் தாழ்த்த வேண்டும். "தனாகா வா ததாய்மா செகி ஓ ஹஸுஷிதே ஓரிமாசு." தனாகா இப்போது இருக்கையில் இல்லை என்று தாழ்த்திச் சொல்வது இது. சான் என்ற மரியாதை ஒட்டும் இல்லை, பெயருக்குப் பின்னால் புச்சோவும் இல்லை. பதவி சொல்லியே ஆகவேண்டும் என்றால் "புச்சோ நோ தனாகா" என்று முன்னால் வையுங்கள். பெயருக்குப் பின்னால் வந்தால்தான் அது மரியாதைச் சொல்.

இப்போது அதே உரையாடலில் அழைப்பவரை மட்டும் மாற்றுங்கள். தனாகாவின் மனைவி கூப்பிடுகிறார். அவர் தலைவரின் குடும்பம், அவரிடம் போய் தலைவரைத் தாழ்த்தக்கூடாது. "தனாகா புச்சோ வா ததாய்மா செகி ஓ ஹஸுஷிதே இராஷ்ஷைமாசு." வாடிக்கையாளரிடம் நான் தவறாகச் சொன்ன அந்த இராஷ்ஷைமாசு இங்கே சரியாகிவிடுகிறது.

அடுத்த வரியில்தான் என்1 முடித்தவர்கள்கூட வழுக்குகிறார்கள். "தகவல் சொல்லிவிடுகிறேன்" என்பதற்கு எல்லோரும் "ஒத்சுதாஏ ஷிமாசு" என்கிறார்கள். 'ஒ ... ஷிமாசு' வடிவம் தன்னைத் தாழ்த்துவதுதான், ஆனால் அந்தச் செயல் யாரைப் போய்ச் சேர்கிறதோ அவரை உயர்த்தும். தகவல் போய்ச் சேருவது உங்கள் தலைவரிடம். அப்படியென்றால் வாடிக்கையாளர் முன்னால் உங்கள் ஆளையே உயர்த்தியதாக ஆகிவிடும். அங்கே "தனாகா நி மோஷிசுதாஏமாசு" என்பதுதான் சரி. அதில் வரும் மோசு, கேட்டுக்கொண்டிருப்பவருக்கு மட்டும் மரியாதை காட்டும். மனைவியிடம் என்றால் "புச்சோ நி ஒத்சுதாஏ ஷிமாசு" பொருத்தம். இரண்டையும் 2007இல் வந்த அரசின் கெய்கோ வழிகாட்டி தாழ்வுமொழி 1, 2 என்று தனித்தனியாகப் பிரித்தது. போவதைத் தாழ்த்திச் சொல்லும் உகாகாவ், மைரு இரண்டும் இதே கணக்குதான். தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று வெளியாளிடம் சொல்லும்போது "மைரிமாசு" சரி, "உகாகாய்மாசு" என்றால் சொந்தத் தம்பியையே உயர்த்துகிறீர்கள்.

அதனால் உரையாடலை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரே உரையாடலை எடுத்து, ஒரு முறை வாடிக்கையாளர், ஒரு முறை தலைவரின் குடும்பம், ஒரு முறை உங்கள் நிறுவனத்தின் இன்னொரு கிளையில் உள்ளவர் என்று அழைப்பவரை மாற்றி எழுதிப் பாருங்கள். எந்த வினை மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று சத்தமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். நான் அந்த மாலைக்குப் பிறகு ஒரு நோட்டில் இப்படித்தான் எழுதினேன்.

இன்னொன்று. இங்குள்ள நம்மவர்களில் சிலர், ஐடி வேலைக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். பத்து வருடமாகியும் ஃபோன் அடித்தால் பக்கத்து ஆளைப் பார்ப்பவர்கள் அவர்கள், கேட்காதீர்கள். வேறு சிலர் எதற்கெடுத்தாலும், உங்கள் அனுமதியோடு செய்கிறேன் என்று பொருள்படும் "சசெதே இததாகிமாசு" ஒட்டுவார்கள். எதிராளியின் அனுமதியும், அதனால் நமக்கு ஒரு நன்மையும் இருக்கும் இடத்துக்கு உரியது அது. "நான் இந்தத் துறையில் வேலை செய்கிறேன்" என்பதற்கு யாரிடம் அனுமதி கேட்கவேண்டும்?

புச்சோவின் மனைவி ஒரு முறை நிஜமாகவே கூப்பிட்டார். ஜூன் மாத மழைநாள், புச்சோ கைபேசியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். நான் சொல்லி முடித்து ஃபோனை வைத்தபோது, பக்கத்து மேசை அம்மா தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என் மேசையில் ஒரு அரிசி செம்பேயை வைத்தார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.