பழம்பொரி மேலே சிவந்தும் உள்ளே பச்சையாக இருந்தால்

"நேந்திரம்பழத்தில் பழம்பொரி போட்டால் மேலே சட்டென்று சிவந்துவிடுகிறது, பிய்த்தால் நடுவில் மாவு பச்சையாக இருக்கிறது. தீயைக் குறைத்தால் எண்ணெய் குடிக்கிறது. என்ன தப்பு?"

முதலில் பழத்தைப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தப்பு அங்கேதான் தொடங்குகிறது. தோல் முழுக்க ஒரே மஞ்சள், ஒரு கரும்புள்ளிகூட இல்லை, காம்பு மட்டும் பச்சை என்றால் அதை வாங்காதீர்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்ததாக இருக்கலாம், அப்படியானால் தோல்தான் பழுத்திருக்கும், சதை விறைப்பாக, இனிப்பில்லாமல் கிடக்கும், என்ன பொரித்தாலும் குழையாது. கார்பைடுக்குச் சட்டப்படி தடை இருக்கிறது. இருந்தும் காயாகத் தார் வாங்கி இரண்டே நாளில் மஞ்சளாக்கித் தள்ளும் இடைத்தரகர்களை யாரும் கேட்பதில்லை, பண்டிகைக்கு முன்னால் ஒரு சோதனை நடக்கும், அப்புறம் பழையபடிதான். எனக்கு இதில் பொறுமையே போய்விட்டது. காய்ப்பதமாக வாங்கி வீட்டில் வைத்து, தோலில் கரும்புள்ளி நிறைய விழுந்த பிறகு எடுங்கள்.

சரி, மாவு. இரண்டு பழத்துக்கு ஒரு கப் மைதா, இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, சிட்டிகை மஞ்சள்தூள், சிட்டிகை உப்பு. தண்ணீரை அரை கப்பில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் முக்கால் கப் வாக்கில் தோசைமாவுப் பதம் வரும். ஒரு துண்டை முக்கித் தூக்குங்கள்: பழத்தின் மஞ்சள் மறையவேண்டும், நாலைந்து சொட்டு விழுந்து நிற்கவேண்டும். சொட்டாமல் அப்பிக்கொண்டால் அந்தக் கனம்தான் உங்கள் பச்சை மாவு. பழம் தெரிகிற அளவு நீர்த்துப்போனால் எண்ணெய் உள்ளே போகும்.

பழத்தைக் குறுக்கே இரண்டாக்கி, ஒவ்வொரு பாதியையும் நீளவாக்கில் மூன்றாக நறுக்குங்கள். எண்ணெயில் ஒரு சொட்டு மாவு விட்டால் அடியில் போய் இரண்டு மூன்று நொடியில் மேலே வரவேண்டும், சுமார் 175 டிகிரி. விழுந்ததுமே சிவந்தால் சூடு அதிகம். மாவில் சர்க்கரை இருப்பதால் நிறம் முந்திக்கொள்ளும், அதனால் நிறத்தை நம்பி எடுக்காதீர்கள், குமிழியைப் பாருங்கள். குமிழி என்பது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறுவது, அது ஓசையோடு கொதித்துக்கொண்டிருக்கும்வரை உள்ளே வேகவில்லை, அடங்கிய பிறகு எடுங்கள். மிதமான தீயில் ஒரு பக்கம் இரண்டு நிமிடம் ஆகும். ஒரே தடவையில் மூன்று துண்டுக்கு மேல் போட்டால் சூடு இறங்கி எண்ணெய் குடிக்கும்.

இன்னொன்று, எண்ணெய் நிறைய ஏறுவது வாணலியில் அல்ல, எடுத்த பிறகு. ஆவி அடங்கி ஆறும்போது மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை மாவு உறிஞ்சிக்கொள்ளும். தட்டில் அடுக்காமல் கம்பி வலையில் செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள்.

தோல் முழுக்கக் கறுத்துக் குழைந்த பழத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். அது மெல்லிசாக நறுக்கினால் கையிலேயே உடையும், சாறு கசிந்து எண்ணெயில் கருகி அடுத்த ஈட்டையும் கெடுக்கும். அதை மூன்றாக வேண்டாம், இரண்டாக நறுக்குங்கள், மாவில் இன்னும் ஒரு மேசைக்கரண்டி மைதா போட்டுச் சர்க்கரையைப் பாதியாக்குங்கள், எண்ணெயில் போட்டதும் கரண்டியால் தொடாமல் அடிப்பக்கம் இறுகும்வரை விட்டு அப்புறம் திருப்புங்கள்.