ஏழில் இரண்டா, ஐந்தில் இரண்டா?

கேள்வி: திண்மக் கோளம் நழுவாமல் உருளும்போது மொத்த இயக்க ஆற்றலில் 2/7 பங்குதான் சுழற்சிக்குரியது என்கிறார்கள். சூத்திரத்தில் இருப்பது 2/5 அல்லவா? 20 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் குண்டை, விளிம்புகளுக்கிடையே 12 மி.மீ. இடைவெளி உள்ள அலுமினியத் தடத்தில் 70 செ.மீ. உயரத்திலிருந்து உருட்டினேன். தடத்தின் முடிவில் வேகம் நொடிக்கு 2.9 மீட்டர். கணக்கிட்டால் சுழற்சிப் பங்கு 0.39, அதாவது ஏறக்குறைய 2/5. 2/7 தவறுதானே?

பதில்: தவறில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு பிழையும், பிழையே இல்லாத ஒரு நல்ல சோதனையும் இருக்கின்றன. பிழைக்கு ஆதாரமாக அந்தச் சோதனையைக் காட்டியிருப்பதுதான் சிக்கல்.

முதலில் பிழை. திண்மக் கோளத்தின் நிலைமத் திருப்புத்திறன் (2/5)MR² என்பதில் வரும் 2/5, ஆற்றலின் பங்கைக் குறிக்கும் எண் அன்று. அது கோளத்துக்குள் நிறை எப்படிப் பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண். கோளம் சுழலும்போது அச்சுக்கு அருகிலுள்ள துகள்கள் மெதுவாகவும், அச்சிலிருந்து மிகத் தொலைவிலுள்ள நடுவட்டத் துகள்கள் வேகமாகவும் சுற்றுகின்றன. ஒவ்வொரு துகளும் அச்சிலிருந்து இருக்கும் தொலைவை இருமடியாக்கி, நிறைக்கேற்பச் சராசரி எடுத்தால் R²-இல் ஐந்தில் இரண்டு கிடைக்கும். நழுவாமல் உருள்வதால் v = ωR. ஆகவே சுழற்சி ஆற்றல் ½ × (2/5)MR² × ω², அதாவது (1/5)Mv². நிறை மையம் முன்னேறுவதற்கான ஆற்றல் ½Mv². இவ்விரண்டையும் ஒப்பிட்டால் 2-க்கு 5 என்ற விகிதம் வருகிறது. சுழற்சிக்கு 2 கூறு, முன்னேற்றத்துக்கு 5 கூறு என்றால் மொத்தம் 7 கூறு. மொத்தத்தில் சுழற்சியின் பங்கைக் கேட்டால் 2/7 என்றும், முன்னேற்ற ஆற்றலோடு ஒப்பிட்டுக் கேட்டால் 2/5 என்றும் சொல்ல வேண்டும். நீங்கள் இரண்டாவது கேள்விக்குரிய விடையை முதல் கேள்விக்குத் தந்துவிட்டீர்கள்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. மெல்லிய சுவருள்ள உள்ளீடற்ற கோளத்துக்கு நிலைமத் திருப்புத்திறன் (2/3)MR². அதே கணக்கைச் செய்தால் 2-க்கு 3 என்ற விகிதம் வரும். மொத்தத்தில் சுழற்சியின் பங்கு 2/5. ஆக, நீங்கள் சொல்லும் 2/5 ஒரு கோளத்துக்குச் சரியான விடைதான். ஆனால் அந்தக் கோளம் உள்ளே வெறுமையானது. விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வில் 2/5, 2/7 இரண்டும் அருகருகே இருந்தால், கணக்கைப் பாதியில் நிறுத்தியவர்கள் எந்தத் தயக்கமும் இல்லாமல் முதலாவதைக் குறித்துவிட்டுப் போவார்கள்.

இனி உங்கள் குண்டுக்கு வருவோம். ஆற்றலை ஜூலில் எழுதாமல் உயரத்தில் எழுதினால் இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியும். குண்டின் நிறையைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். குண்டு 70 செ.மீ. இறங்கியிருக்கிறது. தட்டையான சாய்தளத்தில் நழுவாமல் உருண்டிருந்தால், அந்த 70-இல் 20 செ.மீ. அளவிலான ஆற்றல் சுழற்சிக்குப் போயிருக்கும். மீதி 50 செ.மீ. முன்னேற்றத்துக்குக் கிடைத்திருக்கும். அதாவது 50 செ.மீ. உயரத்திலிருந்து நேராக விழும் பொருளின் வேகம் அதற்கு வந்திருக்கும். அது நொடிக்கு 3.13 மீட்டர். நீங்கள் அளந்ததோ 2.9. அந்த வேகத்துக்குரிய விழுஉயரம் 42.9 செ.மீ. மட்டுமே. மீதி 27.1 செ.மீ.க்குக் கணக்கு வேண்டும். 27.1-ஐ 70-ஆல் வகுத்து 0.39 என்று எழுதியிருக்கிறீர்கள். வகுத்தல் சரிதான்.

ஆனால் உங்கள் குண்டு தட்டையான தளத்தில் உருளவில்லை. தடத்தின் இரண்டு விளிம்புகளின் மேல் அமர்ந்து உருண்டது. 10 மி.மீ. ஆரமுள்ள கோளம் 12 மி.மீ. இடைவெளியில் அமரும்போது அதன் அடிப்பகுதி தடத்துக்குள் இறங்கிவிடுகிறது. கோளம் தடத்தைத் தொடும் இரண்டு புள்ளிகளும் மையத் தளத்திலிருந்து பக்கத்துக்கு 6 மி.மீ. விலகியிருக்கின்றன. சுழற்சி அச்சிலிருந்து அப்புள்ளிகளின் தொலைவைச் செங்கோண முக்கோணத்தைக் கொண்டு கண்டுபிடிக்கலாம்: கர்ணம் 10, ஒரு பக்கம் 6, ஆகவே மற்றப் பக்கம் 8. நழுவாமல் உருள்வது என்றால் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் ஓய்வில் இருக்க வேண்டும் என்றுதான் பொருள். எனவே உங்கள் தடத்தில் பொருந்தும் நிபந்தனை v = ωR அன்று; v = ω × 8 மி.மீ. என்பதே. குண்டின் ஆரம் 10 மி.மீ.யாகவே இருக்கிறது, நிலைமத் திருப்புத்திறனும் மாறவில்லை. ஆனால் அதே முன்னேற்ற வேகத்துக்கு அது 1.25 மடங்கு விரைவாகச் சுழன்றாக வேண்டும்.

சுழற்சி ஆற்றல் ω-வின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே முன்னேற்ற ஆற்றலுடனான விகிதம் 0.4-லிருந்து 0.4 × 1.5625, அதாவது 0.625 ஆகிறது. 0.625 என்பது 5-க்கு 8. மொத்தம் 13 கூறுகளில் சுழற்சிக்கு 5. பங்கு 5/13, தசமத்தில் 0.385. இதை வைத்துக் கணக்கிட்டால் தடத்தின் முடிவில் வேகம் நொடிக்கு 2.91 மீட்டர் வர வேண்டும். நீங்கள் 2.9 அளந்திருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்தபோது இந்த இடத்தில் உங்களைப் பாராட்டத்தான் தோன்றியது. வீட்டில் செய்த சோதனையில் இவ்வளவு பொருத்தம் எளிதில் வாய்ப்பதில்லை.

2/5 என்று வைத்தால் வரும் வேகம் 2.87. அதற்கும் 2.91-க்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு இலக்கத்தோடு நின்றுவிட்ட அளவீடு பிரித்துக் காட்டாது. மேலும், நீங்கள் சுழற்சியை அளக்கவே இல்லை. முன்னேற்ற ஆற்றலைக் கழித்து, மிச்சத்தையெல்லாம் சுழற்சியின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். தடத்தின் அதிர்வில் போனதும் உருளும்போது ஏற்படும் இழப்பும் அந்த மிச்சத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஆகவே 5/13-ஐ நான் சொல்வதால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். சுழற்சியை நேரடியாகப் பாருங்கள்.

அதற்கு வேகமும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். தடத்தின் இரண்டு விளிம்புகளிலும் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிட்டு, குண்டை விரலால் மெதுவாகத் தள்ளி ஒரு சுற்று உருட்டுங்கள். குண்டின் மேல் ஒன்றுக்கொன்று இணையான இரண்டு வெள்ளை வளையங்கள் பதியும். குண்டு உண்மையில் உருள்வது இந்த வளையங்களின் மீதுதான். அவற்றின் விட்டம் குண்டின் விட்டமான 20 மி.மீ. அன்று, 16 மி.மீ. பிறகு குண்டில் மையால் ஒரு புள்ளி வைத்து, தடத்தில் ஒரு மீட்டர் தூரம் தள்ளி, புள்ளி எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். மேசை மீது அதே குண்டு ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 16 முறை சுற்றும். தடத்தில் ஏறத்தாழ 20 முறை சுற்றும். அந்த நான்கு சுற்றுகள்தான் உங்கள் 2/7-ஐ 5/13 ஆக்கியவை.

குண்டு நழுவியிருக்கலாமோ என்று ஒரு நண்பர் ஐயம் எழுப்பியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது இங்கே பொருந்தாது. ஓய்விலிருந்து சாய்தளத்தில் விடப்பட்ட கோளம் நழுவினால், அதன் சுழற்சி முன்னேற்றத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும். சுழற்சிப் பங்கு குறையுமே தவிரக் கூடாது. தட்டையான தளத்தில் நழுவாமல் உருள உராய்வுக் குணகம் குறைந்தது சாய்வுக்கோணத்தின் tan மதிப்பில் 2/7 பங்காவது இருக்க வேண்டும். (அதே 2/7 இங்கேயும் தலைகாட்டுவது தற்செயல் அன்று: கோளத்தைச் சுழற்றும் வேலையைச் செய்வது உராய்வுதான், அதற்குத் தேவையான விசை, எடையின் சாய்தளக் கூறில் சரியாக அந்தப் பங்கு.) சாய்வு அந்த எல்லையைத் தாண்டினால் பங்கு 2/7-க்குக் கீழே இறங்கும். உங்கள் அளவீடு மேலே ஏறியிருக்கிறது. திசையைப் பார்த்தாலே நழுவலைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடலாம்.

ஒரு சொல்லைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. தரையைத் தொடும் புள்ளி கணநேரம் ஓய்வில் இருப்பதால், உருளும் கோளத்தின் இயக்கம் முழுவதையும் அப்புள்ளியைச் சுற்றிய சுழற்சியாகவே எழுத முடியும். அப்போது நிலைமத் திருப்புத்திறன் (7/5)MR². ஆற்றல் அதே (7/10)Mv². இதைக் காட்டி முழு ஆற்றலும் சுழற்சிதான் என்று வாதிடுவோர் உண்டு. மொத்தம் மாறவில்லை, பிரிக்கும் முறைதான் மாறியிருக்கிறது. 2/7 என்று சொல்லும்போது நிறை மையத்தின் வழியே செல்லும் அச்சையே எல்லோரும் கருதுகிறார்கள். இயக்க ஆற்றலை மையத்தின் இயக்கம், மையத்தைச் சுற்றிய சுழற்சி என்று மிச்சமில்லாமல் இரண்டாகப் பிரிக்க எப்போதும் கைகொடுப்பதும் அந்த அச்சுதான்.

சோதனையைத் தொடர விரும்பினால், தடத்தின் முடிவை ஒரு சமதளத்தோடு படியில்லாமல் இணைத்து, தடத்தைவிட்டு அரை மீட்டர் தள்ளி வேகத்தை மறுபடி அளந்து பாருங்கள். தடத்திலிருந்து வெளியேறும் குண்டு, தட்டையான தரைக்குத் தேவையானதைவிட 1.25 மடங்கு வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும். அதன் அடிப்பகுதி தரையைப் பின்னோக்கித் தேய்க்கும். அதனால் உராய்வு குண்டை முன்னோக்கித் தள்ளும். சாதாரணத் தரையில் சில பத்து சென்டிமீட்டர் தூரத்துக்குள் நழுவல் நின்றுவிடும். அப்போது வேகம் 7 விழுக்காடு கூடி, நொடிக்கு 2.91 மீட்டரிலிருந்து 3.11 மீட்டர் ஆகியிருக்கும். சமதளத்தில், யாரும் தள்ளாமல், ஒரு குண்டு தானே வேகமெடுப்பதை நீங்கள் காண்பீர்கள். தேய்ப்பில் ஆற்றலின் ஒரு விழுக்காடு அளவே வெப்பமாகப் போகும். எஞ்சியதில் சுழற்சியின் பங்கைக் கணக்கிட்டால், இம்முறை 2/7 வரும்.