தீர்மானத்துக்குப் பதினான்கு படங்கள்

கேள்வி: மகளின் அரங்கேற்றப் படங்கள் ஒரு கேமரா, நான்கு கைப்பேசிகள் என்று சேர்ந்து எண்ணூறைத் தாண்டிவிட்டன. ஸ்லைடுஷோ செய்ய வேண்டும். இரட்டைப் படங்கள், மங்கலானவை, ஒரே மாதிரி இருப்பவை ஆகியவற்றை எப்படிக் கழிப்பது? மென்பொருளிடமே விட்டுவிடலாமா?

பாதி வேலையை விடலாம். மயிலாப்பூரில் அக்கா மகளின் அரங்கேற்றம் முடிந்த வாரம் என்னிடம் 860 படங்கள் இருந்தன. எட்டு நிமிடம், படத்துக்கு ஐந்து விநாடி என்றால் 96 படங்களுக்குத்தான் இடம். நான் மங்கலானவற்றிலிருந்து தொடங்கினேன். அது தவறான வரிசை. ஒரு படம் மங்கலா என்பது, அதே தருணத்துக்கு வேறு படம் இருக்கிறதா என்பது தெரிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி.

இரட்டைப் படங்கள் எளிது. வாட்ஸப் குழுவில் வந்த ஒரே படத்தை இரண்டு பேர் சேமித்திருப்பார்கள். Czkawka போன்ற இலவச மென்பொருள் அவற்றை நொடியில் காட்டிவிடும். மூலப் படமும் அதன் வாட்ஸப் பிரதியும் சேர்ந்து கிடப்பதுதான் சற்றுத் தொல்லை. `IMG-20240204-WA0017.jpg` என்பது போல நடுவில் WA வரும் பெயர் இருந்தால் அது பிரதி. அளவு சுருங்கியிருக்கும், எடுத்த நேரமும் அழிந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கோப்புகள் வேறு என்பதால், ‘ஒத்த படங்கள்’ தேடலில் மிகக் கண்டிப்பான ஒப்புமை அளவை வைத்துத் தேடிப் பெரியதை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அளவைத் தளர்த்தாதீர்கள். இத்தகைய தேடல் ஒவ்வொரு படத்தையும் தபால்தலையை விடச் சிறியதாகச் சுருக்கி, வெளிச்சமும் இருளும் எங்கெங்கே என்று மட்டும் ஒப்பிடுகிறது. கறுப்புத் திரை, ஓரத்தில் குத்துவிளக்கு, நடுவில் ஒரு பெண்: வர்ணம் என்ற நீண்ட உருப்படி முழுவதும் அதற்கு ஒரே படம்தான். விரல்கள் அந்தச் சுருக்கத்தில் காணாமல் போய்விடும்.

ஆகவே நேரத்தை வைத்துக் குழு பிரியுங்கள். அதற்கு முன் கடிகாரங்களைச் சரிபார்க்க வேண்டும். குரு சலங்கையை எடுத்துக் கொடுத்த நொடி கைப்பேசியிலும் கேமராவிலும் பதிவாகியிருந்தது. கேமரா ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தது. கேமராப் படங்கள் உள்ள கோப்புறைக்கு மட்டும் ExifTool என்ற இலவச மென்பொருளில் இந்தக் கட்டளையைக் கொடுத்தேன்:

```
exiftool "-AllDates+=0:0:0 0:7:0" camera
```

எடுத்த நேரப்படி வரிசைப்படுத்தியதும் அலாரிப்பு முதல் தில்லானா வரை தானாகவே கொத்துக் கொத்தாகப் பிரிந்தது. ஒரு கொத்துக்கு ஒரு படம், முக்கியமானதென்றால் இரண்டு.

வர்ணத்தில் தீர்மானம் என்னும் தாளக்கட்டான அடவுக் கோவை ஒன்றின் முடிவில் மட்டும் மூன்று விநாடிக்குள் பதினான்கு படங்கள் இருந்தன. ஐந்தில் கை இன்னும் வழியில் இருந்தது; அலபத்மம் விரியவில்லை. மூன்றில் இமை மூடியிருந்தது. இரண்டில் பாதம் சட்டத்துக்கு வெளியே வெட்டுப்பட்டது. மீந்த நான்கில் மிகத் தெளிவானதை எடுத்தேன். அதைப் பார்த்த குரு, “அரைமண்டி எழும்பிவிட்டதே, இதையா காட்டப் போகிறீர்கள்?” என்றார். அடுத்த படத்தில் முகம் ஒரு மயிரிழை மென்மையாக இருந்தது. ஆனால் அமர்வும் சரி, பார்வையும் கையைத் தொடர்ந்திருந்தது. அதுவே இடம்பெற்றது. இறுதித் தேர்வுக்கு முன் குருவிடமோ நடனம் தெரிந்த ஒருவரிடமோ காட்டிவிடுங்கள். நமக்கு நல்ல படமாகத் தோன்றுவது அவர்களுக்குத் தவறிய அடவாக இருக்கலாம்.

மங்கலைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் படத்தில் எத்தனை கூர்மையான விளிம்புகள் இருக்கின்றன என்றுதான் அளக்கிறது. பின்னணிப் பூ அலங்காரம் துல்லியமாக விழுந்து, ஆடுபவள் கரைந்திருந்தாலும் நல்ல மதிப்பெண் கொடுத்துவிடும். கண்ணால் பார்ப்பதே மேல். குத்துவிளக்கின் சுடர் உட்பட எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா அசைந்திருக்கிறது, கழித்துவிடலாம். முகம் தெளிவாக இருந்து, கையும் பின்னலும் மட்டும் கோடாக இழுபட்டிருந்தால் அது சுழற்சி, வைத்துக்கொள்ளுங்கள். கை தெளிந்து கண் கரைந்திருந்தால் வேண்டாம்.

இதைச் சோதிக்கும்போது படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். 1920×1080 திரையில் காட்டப்போகிறீர்கள் என்றால், 6000×4000 படத்தின் அகலமும் உயரமும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். லேசான மங்கல் அதில் மறைந்துபோகும். திரையை நிறைக்கும் அளவில் பார்த்து, அங்கே உறுத்தினால் மட்டும் நீக்குங்கள். படத்தை வெட்டியோ மெல்ல நெருங்கியோ காட்டுவதாக இருந்தால் அந்த அளவிலேயே சோதிக்க வேண்டும்.

கழித்த எதையும் அழிக்கவில்லை, தனிக் கோப்புறைக்கு மாற்றினேன். நல்லவேளை. முதல் சுற்றில் மங்கல் என்று தூக்கிப்போட்ட ஒன்றில், பக்கவாட்டுத் திரையோரம் சக்கர நாற்காலியில் அமர்ந்து பாட்டி கைதட்டிக்கொண்டிருந்தார். மாலை முழுவதும் அவரை வேறு யாரும் படமெடுக்கவில்லை. திரையின் மூன்றில் ஒரு பங்கு அளவில், சுற்றிலும் கறுப்பு விட்டு அதைச் சேர்த்தேன். அந்த அளவில் மங்கல் யாருக்கும் தெரியவில்லை.