சாம்பார் வாங்க, டப்பாவோட வாங்க: கவரைக் குறைக்கும் ஒரு வரி

கேள்வி: பெங்களூரு அல்சூரில் சின்ன மெஸ் நடத்துகிறேன். சாயங்காலம் சுமார் 120 இட்லி, தோசை பார்சல் போகிறது. சாம்பாரை இன்னும் கவரில்தான் கட்டிக் கொடுக்கிறோம். ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம், பூமியைக் காப்போம்’ என்று வாசலில் பேனர் வைத்து ஆறு மாதமாகிறது. பாத்திரம் கொண்டு வருகிறவர்கள் நாலைந்து பேர்தான். என்ன எழுதினால் ஜனங்கள் கேட்பார்கள்?

பதில்: உங்கள் பேனரைப் படிக்கிறவர் அதை மனதார ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்ட கையோடு சாம்பார் கவரையும் வாங்கிக்கொண்டு போவார். அவர் மேல் தப்பில்லை. ‘ஒழிப்போம்’ என்றால் யார், எதை, எப்போது என்று அந்த வரியில் ஒன்றும் இல்லை. ‘காப்போம்’ என்றதும் தலையாட்டலாம், கையால் செய்ய ஒரு வேலையும் கிடைக்காது.

பலரும் அடுத்ததாக ‘கவர் கேட்காதீர்கள்’ என்று எழுதுவார்கள். அதுவும் நிற்காது. சாம்பார் எதிலாவது போயாக வேண்டும். ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லி, பதிலுக்கு எதில் என்று சொல்லாவிட்டால் வாடிக்கையாளருக்குக் கவரைத் தவிர வேறு வழி தெரியாது. ‘சொந்தப் பாத்திரம் கொண்டு வாருங்கள்’ என்பது கொஞ்சம் மேல். ஆனாலும் இட்லிக்கு ஒன்றா, சட்னிக்கு ஒன்றா, எத்தனை பாத்திரம் என்ற குழப்பம் வரும். குழப்பம் வந்தால் வெறுங்கையோடு வருவதுதான் சுலபம்.

ஆகவே ஒரே பொருளை, ஒரே பாத்திரத்தோடு கட்டுங்கள். உங்கள் கடையில் அது சாம்பார். இட்லியை வாழையிலையில் மடித்துவிடலாம். கெட்டிச் சட்னிகூட இலையில் தாங்கும். சாம்பார்தான் கவர் இல்லாமல் போகாது. தவிர, கொதிக்கக் கொதிக்க, எண்ணெயும் புளியுமாக மெல்லிய பிளாஸ்டிக்கில் இறங்குவதும் அதுதான். சூடும் எண்ணெயும் சேரும்போது பிளாஸ்டிக்கில் கலந்திருப்பவை உணவில் இறங்குவது கூடும். சட்னியை இப்போதைக்கு வாசகத்தில் சேர்க்காதீர்கள். இரண்டைக் கேட்டால் இரண்டும் கிடைக்காமல் போகும்.

இனி வரிக்கு வருவோம். இதை எழுதிப் பாருங்கள்:

சாம்பார் வாங்க
டப்பாவோட வாங்க

முதல் ‘வாங்க’ வாங்குவதற்கு, இரண்டாவது ‘வாங்க’ வருவதற்கு. வாயில் ஒரு தடவை சொன்னாலே ஒட்டிக்கொள்ளும், சின்னப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லும். எப்போது (சாம்பார் வாங்கக் கிளம்பும்போது), என்ன (டப்பா), எங்கே (இந்தக் கடைக்கு) மூன்றும் நாலு சொல்லில் அடங்கிவிட்டன. இது வெறும் ஓசை நயத்துக்காக அல்ல. ‘இன்ன நேரம் வந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று தருணத்தையும் செயலையும் முடிச்சுப் போட்டு வைத்தவர்கள், பொதுவாக ‘செய்யணும்’ என்று நினைத்தவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1999-இல் எழுதிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார். உங்கள் வரி அந்த முடிச்சை வாடிக்கையாளருக்காகப் போட்டுக் கொடுக்கிறது.

ஏன் ‘தூக்கு’ இல்லை, ‘டப்பா’? அழகான சொல் தூக்குதான், அதில்தான் சாம்பார் சிந்தாமலும் போகும். ஆனால் தனியாக எழுதினால் வேறு அர்த்தம் கண்ணில் படும். அதைவிட முக்கியம், பிஜி விடுதியில் தங்கியிருக்கும் பையன்களிடம் தூக்கு இருக்காது, மூடி போட்ட டப்பா ஒன்று நிச்சயம் இருக்கும். வீட்டில் இல்லாத பொருளைக் கேட்கும் வாசகம் தோற்றுப்போகும். எழுதுவதற்கு முன், இப்போது பாத்திரம் கொண்டு வரும் அந்த நாலைந்து பேர் எதைக் கொண்டு வருகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் கையில் இருப்பதன் பெயரே உங்கள் வாசகத்தின் சொல். எல்லாரும் கேரியரோடு வந்தால் ‘கேரியரோட வாங்க’ என்றே எழுதலாம்.

கன்னடத்தில் இந்தச் சொல்விளையாட்டு வராது, மொழிபெயர்க்க முயலாதீர்கள். ‘சாம்பாரிகெ டப்பி தன்னி’ என்று நேராக, கன்னட எழுத்தில் மேலே பெரிதாக எழுதி, தமிழ் வரியைக் கீழே வையுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல் கன்னடக்காரர் ஒருவரிடம் காட்டிக்கொள்வது நல்லது.

வரி சரியாக அமைந்தாலும், மாட்டும் இடம் தப்பினால் வீண். கவுன்டரில் நிற்பவர் அதைப் படிக்கும்போது அவருடைய டப்பா வீட்டில், அலமாரியில் இருக்கிறது. அந்த நேரத்தில் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வரி அவர் வீட்டில் செருப்பு மாட்டும் நேரத்தில் காதில் விழ வேண்டும். அதற்கு உங்களிடம் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று போன். ஆர்டர் எடுப்பவர் ‘ரெண்டு செட் இட்லி, சரிங்க. சாம்பாருக்கு டப்பா எடுத்துட்டு வாங்க’ என்று ஒவ்வொரு அழைப்பிலும் சொல்லட்டும். எந்தப் பலகையையும்விட இந்தக் குரல் வேலை செய்யும், ஏனென்றால் கேட்பவர் இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. இரண்டு, பார்சலோடு போகும் தாள். உள்ளங்கை அகலத்துக்குக் காகிதத்தில் வரியை அச்சடித்து, ‘செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் ஒட்டுங்க’ என்று கீழே சின்னதாகப் போட்டுக் கொடுங்கள். வழக்கமாக வருபவர்களுக்கு ஒரு தடவை கொடுத்தால் போதும்.

அலுவலகத்திலிருந்து நேராக, மெட்ரோ இறங்கி வருகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் வீட்டைத் தொடாமல் வருகிறார்கள். அவர்களுக்காகக் கடையில் 20 எவர்சில்வர் தூக்கு வாங்கி வையுங்கள். ஒரு பார்சலுக்கு 200 மில்லி சாம்பார் என்றால் இரண்டு பார்சலுக்கு 400 மில்லி. 600 மில்லி தூக்கில் ஊற்றினால் மேலே இடம் விட்டு மூடலாம். விளிம்பு வரை நிரப்பினால் ஸ்கூட்டரில் போகும்போது மூடி வழியாக வழியும், அந்த ஒரு அனுபவத்தோடு அவர் மறுபடி கவருக்குப் போய்விடுவார். வாங்கிய விலையையே முன்பணமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பி வராவிட்டாலும் உங்களுக்கு நஷ்டமில்லை.

‘கவருக்கு ஐந்து ரூபாய்’ என்று வைத்துவிடலாமே என்று தோன்றலாம். கர்நாடகத்தில் 2016 மார்ச் அறிவிப்பு பிளாஸ்டிக் கேரி பைகளை எத்தனை மைக்ரானாக இருந்தாலும் தடை செய்திருக்கிறது. கைப்பிடி இல்லாத சாம்பார் கவரை அதிகாரிகள் வேறாகப் பார்ப்பார்கள் என்று நம்பி விலை ஒட்டி விற்காதீர்கள். காகிதக் கப்புக்கு மாறுவதிலும் பெரிய லாபமில்லை. அதன் உட்புறத்தில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அது இல்லாவிட்டால் சாம்பார் ஊறி ஒழுகிவிடும்.

கவுன்டரில் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். இப்போது பையன் ‘பார்சலா?’ என்று கேட்டுக்கொண்டே கவரை ஊதித் திறக்கிறான். இனி ‘டப்பா குடுங்க’ என்று கை நீட்டட்டும். இல்லை என்றால் தூக்கைக் காட்டட்டும். கவர் கட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் கீழே வையுங்கள். கை எட்டுகிற இடத்தில் கவர் தொங்கும் வரை எந்த வாசகமும் அதோடு போட்டி போட முடியாது.

டப்பா வரத் தொடங்கியதும் இரண்டு தகராறு வரும். பெரிய டப்பாவோடு வந்தவர் ‘இவ்வளவுதானா?’ என்பார். கவரில் கட்டும்போது அளவு உப்பித் தெரியும், அகலமான டப்பாவில் அதே 200 மில்லி அடியில் கிடக்கும். அதனால் 200 மில்லி கரண்டி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ‘ஒரு பார்சலுக்கு ஒரு கரண்டி’ என்று கவுன்டரில் எழுதிவிடுங்கள். இன்னொன்று சுத்தம். கரண்டி டப்பாவின் விளிம்பில் பட்டுத் திரும்ப அண்டாவுக்குள் போகக் கூடாது. ஒரு ஜாண் மேலிருந்து ஊற்றப் பழக்குங்கள். கழுவாத டப்பா வந்தால் உங்கள் தூக்கில் கொடுத்தனுப்புங்கள். கழுவிக் கொடுக்க ஆரம்பித்தால் ஏழரை மணிக் கூட்டத்தில் வரிசை நின்றுவிடும்.

பேனரைக் கழற்றுங்கள். ஃபிளெக்ஸ் என்றால் அதுவே பிளாஸ்டிக், 2016 தடையில் அதுவும் அடக்கம். தகரப் பலகையில் பெயின்ட் போதும். பக்கத்தில் ஒரு கரும்பலகை வையுங்கள், அதன் உபயோகம் பிறகு வரும்.

முதலில் எண்ணுங்கள். பலகையை மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே, கடை திறக்கும்போதும் மூடும்போதும் சாம்பார் கவரை மட்டும் எண்ணி, அன்றைய பார்சல் கணக்கோடு எழுதி வையுங்கள். 120 பார்சலுக்கு 116 கவர் போனால் நூற்றுக்கு 97. மூன்று வாரம் கழித்து அதே திங்கட்கிழமை 120-க்கு 84 போனால் நூற்றுக்கு 70. திங்களைத் திங்களோடும் ஞாயிறை ஞாயிறோடும்தான் ஒப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக வாங்குகிறவர்கள் டப்பாவோடு வருவார்கள், வார நாளில் தனியாள் கூட்டம் வெறுங்கையோடு வரும். நினைவில் வைத்துச் சொல்லும் கணக்கை நம்பாதீர்கள். டப்பாவோடு வந்தவர் முகம்தான் மனதில் நிற்கும்.

கரும்பலகையில் ‘நேற்று 40 பேர் டப்பாவோட வந்தாங்க’ என்று எழுதலாம். ஆனால் மூன்றில் ஒருவராவது கொண்டு வரத் தொடங்கிய பிறகுதான். ‘நேற்று 5 பேர்’ என்று எழுதினால் மிச்சம் 115 பேர் கொண்டு வரவில்லை என்பதுதான் படிப்பவருக்குத் தெரியும். அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாய்ப் போன பழங்கால மரத்துண்டுகள் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. ‘வந்தவர்கள் பலர் எடுத்துப் போய்விட்டார்கள்’ என்று அங்கே அறிவிப்பு வைத்தபோது, ‘தயவுசெய்து எடுக்காதீர்கள்’ என்று மட்டும் சொன்ன அறிவிப்பைவிடத் திருட்டு அதிகமானதை உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் சோதித்துக் காட்டினார்கள். ‘எல்லாரும் பிளாஸ்டிக்கை வீசுகிறார்கள்’ என்று வருத்தத்தோடு எழுதப்படும் வாசகங்களுக்கும் இதே கதிதான். எண் உயரும் வரை கரும்பலகையில் அன்றைய ஸ்பெஷலை எழுதுங்கள்.

ஆப் வழியாக வரும் ஆர்டருக்கு இந்த வரி உதவாது, அதைக் கணக்கிலிருந்து தனியாக எடுத்துவிடுங்கள். மூன்று வாரத்தில் நேரில் வருகிறவர்கள் எண் அசையவில்லை என்றால் வரியை மாற்ற அவசரப்படாதீர்கள். ஒரு மாலை போன் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை அழைப்பில் ‘டப்பா’ என்ற சொல் வருகிறது என்று கேளுங்கள். கூட்டம் ஏறியதும் முதலில் விட்டுப்போவது அந்தச் சொல்தான்.