நான்கு மாத வீட்டு வேலைக்கு கொங்கிரீட் மிக்சரை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

கேள்வி: கொட்டகலைப் பக்கத்தில் எங்களுக்குக் கிடைத்த 7 பேர்ச் காணியில் ஜனவரி கடைசியில் வீட்டு வேலை தொடங்குகிறோம். மே மாதக் கடைசிக்குள் சிலெப் போட்டு, தளமும் முடித்துவிட வேண்டும். வீடு 20 அடிக்கு 30 அடி. கொங்கிரீட் மிக்சருக்கு நாள் வாடகை 3,500 ரூபா, மாத வாடகை 45,000 ரூபா; ஒவ்வொரு முறையும் கொண்டுவந்து எடுத்துப்போக 4,000 ரூபா. சிலெப்புக்கு முட்டுக்கொடுக்கும் இரும்பு ஜக் ஒன்றுக்கு நாளுக்கு 12 ரூபா கேட்கிறார்கள். என் மச்சானோ, மிக்சரைப் புதிதாக 325,000 ரூபாவுக்கு வாங்கி வேலை முடிந்ததும் விற்றுவிடலாம் என்கிறார். பழையது ஒன்றும் 210,000 ரூபாவுக்கு இருக்கிறதாம். நகையை அடகு வைத்தால்தான் வாங்க முடியும். எது இலாபம், ஐயா?

பதில்: மிக்சரை வாங்க வேண்டாம், மாத வாடகைக்கும் எடுக்க வேண்டாம். தேவைப்படும் நாட்களுக்கு மட்டும் வரவழைத்து, அந்தந்தத் தடவை வேலை முடிந்ததும் திருப்பி அனுப்புங்கள். ஜக்கையும் வாடகைக்கே எடுங்கள்.

உங்கள் மச்சானின் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. வேலை நான்கு மாதம், மாதம் 45,000 என்றால் வாடகை மட்டும் 180,000 ரூபா. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பழைய மிக்சர் ஒன்று சொந்தமாகிவிடுமே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் வேலை நான்கு மாதம் நடக்கிறது என்பதற்காக மிக்சர் நான்கு மாதமும் சுழலப்போவதில்லை. சுவர் கட்டும் சாந்தையும் பூச்சுக் கலவையையும் பாஸ்மார் தரையில் கையாலேயே குழைத்துக்கொள்வார்கள். மிக்சர் தேவைப்படுவது கொங்கிரீட் போடும் நாட்களில் மட்டும்தான். உங்கள் அளவிலான வீட்டுக்கு அத்திவாரத்துக்கும் தூண் அடிகளுக்கும் 2 நாள், அத்திவாரத்தின் மேல் வரும் வளையத்துக்கு 1 நாள், தூண்களுக்கும் லின்டலுக்கும் 2 நாள், சிலெப்புக்கு 1 நாள், உள் தளத்துக்கு 2 நாள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 8 நாட்கள். அவை 5 தடவைகளில் வரும். எட்டு நாள் வாடகை 28,000 ரூபா, ஐந்து தடவை போக்குவரத்து 20,000 ரூபா, ஆக 48,000 ரூபா.

சிலெப்பை ஒரே நாளில் முடிக்க முடியுமா என்று சந்தேகப்படுவீர்கள். 600 சதுர அடிக்கு 5 அங்குலக் கனத்தில் 250 கன அடி, அதாவது இரண்டரைக் கியூப் கொங்கிரீட் வேண்டும். பீம்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 3.2 கியூப். ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற கலவையில் ஒரு மூட்டைச் சீமெந்திலிருந்து ஐந்தரைக் கன அடி கொங்கிரீட் கிடைக்கும் என்பதால், ஒரு மூட்டை மிக்சர் 58 தடவை சுழல வேண்டும். மணிக்குப் பத்துத் தடவை என்றாலும் ஆறு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் பக்கத்தில் பெரும்பாலும் பிற்பகலிலேயே இடியுடன் மழை கொட்டுகிறது. ஆகவே காலை ஏழு மணிக்கே முதல் கலவை விழும்படி மிக்சரை முதல் நாள் மாலையே வரவழைத்துவிடுங்கள். அந்த இரவுக்கும் வாடகை எழுதுவார்களா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மாலையில் வந்து மறுநாள் மாலையில் திரும்பும் மிக்சருக்கு ஒரு நாள் வாடகைதான் என்று பலர் ஒத்துக்கொள்வார்கள்.

இப்போது வாங்குவதைப் பார்ப்போம். பழையதை 210,000 ரூபாவுக்கு வாங்கி, வேலை முடிந்து 160,000 ரூபாவுக்கு விற்கலாம் என்று நம்பினால் கையிலிருந்து போவது 50,000. பெல்ட், உருளைக்குள் இருக்கும் தகடுகள், என்ஜின் வேலை என்று 20,000 ரூபாவாவது ஒதுக்க வேண்டும். கொண்டுவரவும் விற்கும்போது கொண்டுபோய்க் காட்டவும் லொறிக்கு 12,000. மொத்தம் 82,000 ரூபா. புதியதை 240,000 ரூபாவுக்கு விற்க முடிந்தாலும் இழப்பு 85,000. லொறியும் சில்லறைச் செலவும் சேரும்போது ஒரு இலட்சத்தைத் தொடும். அடகு வட்டியை இன்னும் சேர்க்கவில்லை. மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபா என்று வைத்தாலும் 325,000 ரூபாவுக்கு நான்கு மாத வட்டி 19,500 ரூபா. மிக்சர் விற்கும்வரை நகையை மீட்க முடியாது என்பதும், மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு ஹட்டன், கொட்டகலைப் பக்கத்தில் புதிதாக வீட்டு வேலை தொடங்குபவர்கள் குறைந்துவிடுவார்கள் என்பதும் சேர்ந்தே வருகின்றன. நீங்கள் விற்க நினைக்கும் மாதமும் வாங்க ஆள் இல்லாத மாதமும் ஒன்றாகவே அமைகின்றன.

உங்கள் விலைகளின்படி, ஒரு கொங்கிரீட் நாளுக்குப் போக்குவரத்தோடு சராசரியாக 6,000 ரூபா ஆகிறது. 82,000 ரூபாவை அதால் வகுத்தால் 13 நாளுக்கும் 14 நாளுக்கும் இடையில் வருகிறது. அடகு வட்டியைச் சேர்த்தால் எல்லை 15 நாளைத் தாண்டிவிடும். உங்களுக்கு 8 நாள்தான். ஆனால் அதே வரிசையில் காணி கிடைத்த இன்னும் இரண்டு குடும்பங்கள் அதே பருவத்தில் கட்டுவதாக இருந்தால், மூன்று வீட்டுக்கும் சேர்த்து 24 நாள் வரும்; மூவரும் பங்கு போட்டுப் பழைய மிக்சரை வாங்குவது அப்போது நிச்சயமாக மலிவு. அப்படியானால் என்ஜின் பழுதானால் யார் செலவு, விற்ற பணம் எப்படிப் பிரியும் என்பதை வாங்குவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த மிக்சரைக் கொழும்பில் ஓட்டிப் பார்த்து மட்டும் வாங்கிவிடவும் கூடாது. உயரம் ஆயிரம் அடி கூடும்போது சாதாரண பெற்றோல் என்ஜினின் வலு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று குறைகிறது. நான்காயிரம் அடி உயரத்தில் அது நூற்றுக்குப் பன்னிரண்டளவு. கீழே தட்டுத்தடுமாறி ஓடும் தேய்ந்த என்ஜின், இங்கே ஈரக் கலவை நிறைந்த உருளையோடு நின்றுவிடும். வெறும் உருளையைச் சுழற்றிக் காட்டினால் எதுவும் தெரியாது. கல்லும் தண்ணீரும் நிரப்பிக் கால் மணித்தியாலம் ஓடவிட்டு, பற்சக்கரம் தாவுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

ஜக்கின் கணக்கு வேறு மாதிரியானது. மூன்று அடிக்கு ஒன்று வீதம் நிறுத்தி, பீம்களுக்கும் சேர்த்தால் 80 ஜக் வேண்டும். மிக்சரைப் போலன்றி அவை நாட்கணக்கில் அசையாமல் நிற்கும். நிறுத்தும் நாட்களையும் சேர்த்து 28 நாள் என்றால் 80 ஜக்குக்கு 26,880 ரூபா, லொறிக்கூலி தனி. புதிதாக 80 ஜக் வாங்க இதைப் போல் பல மடங்கு பணம் வேண்டும் என்பதால் அங்கே யோசிக்க எதுவும் இல்லை. வாடகை எடுத்தவர்கள் தவறு செய்வது கடைசி நாட்களில்தான். நாளுக்கு 960 ரூபா ஓடுகிறதே என்று பத்து நாள் முன்னதாகவே ஜக்கைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். மிச்சப்படுவது 9,600 ரூபா. சிலெப்பில் பீமோரமாக வெடிப்பு விழுந்தால், அல்லது நடு இறங்கினால், அதைச் சரிசெய்ய எந்தப் பணமும் போதாது. குளிரில் கொங்கிரீட் மெதுவாகவே வலுப்பெறும். கொழும்பில் கழற்றும் நாளில் கொட்டகலையில் கழற்றக் கூடாது. எத்தனையாவது நாள் எந்த ஜக்கைக் கழற்றலாம் என்பதை உங்கள் பொறியியலாளரிடமோ தொழில்நுட்ப அலுவலரிடமோ எழுதி வாங்கி, வாடகை நாட்களை அதற்கேற்பத் தீர்மானியுங்கள்.

இவற்றுக்கு மாறாக, தள்ளுவண்டியை வாங்கிவிடுங்கள். அது காலையிலிருந்து மாலைவரை ஒவ்வொரு நாளும் ஓடுகிறது. நாளுக்கு 250 ரூபா வாடகை என்றால்கூட 90 வேலை நாளுக்கு 22,500 ரூபா, அந்தத் தொகைக்குக் குறைவாகவே புதியது கிடைக்கும். தாச்சி, மண்வெட்டி, தண்ணீர்ப் பீப்பாய், மழைக்கு மூடும் படங்கு ஆகியவையும் அப்படியே.

வாடகைக்கு எடுக்கும்போது நாள் எப்படி எண்ணப்படுகிறது என்பதில்தான் பணம் கசிகிறது. மிக்சர் கடையிலிருந்து புறப்பட்ட நேரத்திலிருந்தா, உங்கள் காணிக்கு வந்த நேரத்திலிருந்தா என்று கேளுங்கள். மழையால் வேலை நின்ற நாளுக்கும், ஞாயிறு, போயா நாட்களுக்கும் வாடகை உண்டா என்று கேளுங்கள். லொறி தோட்டத்துப் பாதையில் எந்த இடம்வரை வரும் என்பதைக் கடைக்காரருக்கு முன்பே காட்டிவிடுங்கள். கடைசி வளைவில் இறக்கிவிட்டுப் போனால், சில நூறு கிலோ நிறையுள்ள மிக்சரை மேலே ஏற்ற நீங்கள் தனியாக ஆள் பிடிக்க வேண்டியிருக்கும். பெற்றோல் யாருடையது, ஓட்டுபவர் அவர்களுடைய ஆளா என்பதையும் பேசி, பற்றுச்சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஜக் வந்து இறங்கும்போது எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஒவ்வொன்றிலும் துளைக்குள் செருகும் கொண்டி இருக்கிறதா என்றும், குழாய் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சேற்றில் விழுந்து காணாமல்போவது பெரும்பாலும் அந்தக் கொண்டிதான். திருப்பிக் கொடுக்கும் நாளில் அதற்குத் தனி விலை போடுவார்கள். வளைந்த ஜக்குகளை அப்போதே ஒதுக்கி, கைத்தொலைபேசியில் படம் எடுத்து, அவற்றை ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்புங்கள். அவை சுமை தாங்கவும் உதவாது. மிக்சரைக் கொடுப்பதற்கு முன் உருளையில் சல்லியும் தண்ணீரும் போட்டுச் சுழற்றிக் கழுவுங்கள். உள்ளே இறுகிய கொங்கிரீட்டுக்காக முற்பணத்தில் பிடித்துக்கொள்வது வழக்கம்.

முற்பணத்துக்குத் தனிப் பற்றுச்சீட்டு வாங்குவதை விட்டுவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வியாபாரி கடமைப்பட்டவர். மறுத்தால் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். காரணமின்றி முற்பணத்தைத் திருப்பித் தராவிட்டால் உங்கள் பிரதேச மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை, ஆனால் திகதியிட்ட பற்றுச்சீட்டும், பொருள் இறங்கிய நாளிலும் திரும்பிய நாளிலும் எடுத்த படங்களும் கையில் இருக்க வேண்டும்.