புது வேலைக்கு முன் பிள்ளையாரை ஏன் கும்பிடுகிறோம்?

"கோணேசர் இருக்கும் திருகோணமலையில் கடை திறந்தாலும் கொப்பி தொடங்கினாலும் அவரை விட்டுவிட்டு முதலில் பிள்ளையாரைக் கும்பிடச் சொல்கிறார்களே, ஏன்?"

தடைகள் அவர் பொறுப்பில் இருப்பதால்தான். விக்கினேசுவரர் தடையை நீக்குவார் என்பது எல்லோருக்கும் தெரியும். தடையை வைப்பவரும் அவரே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவன் பிள்ளையாரை நினைக்காமல் கிளம்ப, தேரின் அச்சு முறிந்தது என்கிறது புராணக் கதை. தகப்பனுக்கே விலக்கில்லை என்றால் கோணேசர் ஊரிலும் அதே முறைதான்.

இங்கே ஒரு கடை புதுக் கணக்கு தொடங்குவதைப் பாருங்கள். மஞ்சள் தூளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கூம்பாகப் பிடித்து, உச்சியில் அறுகம்புல் குத்துவார்கள். தண்ணீர் கூடினால் பிள்ளையார் நிற்க மாட்டார், சரிந்துவிடுவார். அதை வெற்றிலையில் வைத்து, விளக்கேற்றி, தேங்காய் உடைத்து, நெற்றியில் குட்டிக் கும்பிடுவார்கள். அப்புறம் கொப்பியின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தின் மேலே 'உ' என்று பிள்ளையார் சுழி போட்ட பிறகுதான் முதல் வரவை எழுதுவார்கள். மாணவர்கள் சுழி மட்டும் போட்டாலே போதும். பரீட்சைத் தாளில் பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

இது படிக்காதவனைப் பாஸாக்கும் என்று எந்தப் பெரியவரும் சொல்லவில்லை. படித்தவனுக்கு அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல் வராமல், மறதி வராமல் இருக்கத்தான் இந்த வேண்டுதல். பூசை முடிந்ததும் மஞ்சள் பிள்ளையாரைத் தண்ணீரில் கரைத்து, கால் படாத இடத்தில் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.