ஆங்கில எழுத்தில் பாட்டுத் தாள்: த, ஏ இரண்டையும் கவனியுங்கள்

"அட்டனிலிருந்து டொரொன்டோவில் இருக்கும் அக்கா பிள்ளைகளுக்குப் பாட்டுத் தாள் அனுப்பினேன். கந்தனே என்பதைக் 'கன்டனி' என்று பாடுகிறார்கள்."

நீங்கள் எழுத்துக்கு எழுத்து மாற்றியிருப்பீர்கள். தமிழில் ஒரே த, இடத்துக்கேற்ப ஒலி மாறும். அதைத் `t` என்று எழுதினால் அங்கே வளரும் பிள்ளை ட என்றுதான் வாசிக்கும். அதனால் ஒலிப்படி எழுதுங்கள்: சொல்லின் நடுவில் தனியாக வந்தாலும் ந்-க்குப் பிறகு வந்தாலும் `dh`, இரட்டித்தால் `thth`.

```
கதிர்காமக் கந்தனே காத்தருள்வாய்
kadhirkāmak kandhanē kāththaruḷvāy
```

ஏ-க்கு `ee` போடவே வேண்டாம், ஈ ஆகிவிடும். மேலே கோடு போட்ட `ē` நல்லது; கோடு இருந்தால் நீட்ட வேண்டும் என்று ஒருமுறை சொன்னால் போதும். 'காமக்' கடைசி `k`-யை விட்டுவிடாதீர்கள், பாடும்போது அது கேட்கும்.

தமிழ் வரியைப் பெரிதாக மேலேயும், ஆங்கில எழுத்தைச் சிறிதாக நேர் கீழேயும் வையுங்கள். பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் தமிழ்ப் பக்கம் திரும்பவே மாட்டார்கள்.

அப்புறம், பாமினியில் தட்டச்சு செய்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அனுப்புங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வரி வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.